பிந்திப் போன நன்றிக் கடிதம்



நம்மவர்களில் பலருக்குப் பாக்கி கேட்டுக் கடிதம் எழுதத் தெரியும். சரக்கு மட்டமாக வந்தால் திருப்பி அனுப்பக் கடிதம் எழுதத் தெரியும். வரி அலுவலகத்துக்கு விளக்கம் எழுதக்கூடத் தெரிந்து கொண்டோம். ஆனால் ஓர் உதவியைப் பெற்றுக்கொண்டு, அதற்குரிய காலத்தில் ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டு, மாதங்கள் ஓடிய பிறகு அதைப் பற்றி எழுத வேண்டும் என்றால் பேனா நகர மறுக்கிறது. இப்படி எழுதப்படாமல் கிடக்கும் கடிதங்கள் நம் கடைவீதியில் எத்தனை என்று கணக்கெடுத்தால், வராத பாக்கிகளின் எண்ணிக்கையை அது தாண்டிவிடும் என்றே நமக்குத் தோன்றுகிறது.

சென்ற 2025ஆம் ஆண்டு மே மாதக் கடைசியில் ஏரலைச் சேர்ந்த மளிகை வியாபாரி ஒருவர் நான்கு பக்கக் கடிதம் ஒன்றைக் கொண்டு வந்து நம்மிடம் காட்டினார். "இதைத் தபாலில் போடலாமா, கிழித்துப் போடலாமா, நீங்களே சொல்லுங்கள்" என்றார். அவர் சம்மதத்தோடு, பெயர்களை மட்டும் விட்டுவிட்டு, அந்தக் கடிதம் நான்கு பக்கத்திலிருந்து ஒரு பக்கமாக ஆன கதையை இங்கே சொல்கிறோம்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் பெய்த மழையை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணிக் கரையிலிருக்கும் ஏரலில் ஆறு ஊருக்குள் வந்துவிட்டது. நம் நண்பரின் கடையில் நாலடித் தண்ணீர். கீழ்வரிசையில் இருந்த அரிசி மூட்டைகள் ஊறி வெடித்தன. சீனியும் உப்பும் கருப்பட்டியும் கரைந்து ஓடிவிட, வெறும் சாக்கும் ஓலைப்பெட்டியும்தான் மிச்சம். எண்ணெய் டின்கள் தப்பின. ஆனால் மேல் ஒட்டிய தாள் கழன்று, எது நல்லெண்ணெய், எது கடலெண்ணெய் என்று ஒவ்வொன்றாகத் திறந்து மோந்து பார்க்க வேண்டியிருந்ததாம்.

செல்போன் கோபுரங்கள் மறுபடி வேலை செய்யத் தொடங்கிய அன்றே விருதுநகரிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. பதினொரு வருடமாக இவர் பருப்பு கொள்முதல் செய்யும் மொத்த வியாபாரி. "கடை எப்படி இருக்கு?" என்று கேட்டார். இவர் சொன்னார். அவர் மறுபேச்சுப் பேசவில்லை. ஐந்தாம் நாள் ஒரு மினி லாரி வந்து நின்றது. துவரம் பருப்பு 6 மூட்டை, உளுந்து 4, கடலைப் பருப்பு 2, சீனி 3. ஆகப் பதினைந்து மூட்டை, எண்பதாயிரம் ரூபாய்க்குச் சற்று மேல். இவர் கேட்கவில்லை. முன்பணம் இல்லை, தவணை பேசவில்லை. "மொதல்ல கடையத் தொறங்க. கணக்க அப்புறம் பாத்துக்கிடலாம்" என்று போனில் சொன்னதோடு சரி.

2024 ஜனவரி 3ஆம் தேதி கடை திறந்தது. பொங்கல் வியாபாரம் கை கொடுத்தது. நான்கு தவணையில் பணம் முழுவதும் போய்ச் சேர்ந்து, ஆடி மாதத்தில் கணக்குத் தீர்ந்தது. பணத்தில் பாக்கியில்லை. பேச்சில்தான் பாக்கி. தவணைப் பணத்தை வங்கியில் கட்டிவிட்டுப் போனில் சொல்லும்போதெல்லாம், எதிர்முனையில் கணக்குப்பிள்ளைதான் இருப்பார். இரண்டு தடவை விருதுநகர் போனபோதும் முதலாளி வெளியூர். முதல் மூன்று மாதம் நேரமில்லை. அடுத்த மூன்று மாதம் "நேரில் பார்த்துச் சொல்லிக்கொள்ளலாம்" என்ற எண்ணம். அதற்குப் பிறகு வெட்கம். இந்த வெட்கம் வட்டிபோல வளரக்கூடியது. ஆறாம் மாதம் சொல்லக் கூச்சப்பட்டவர் பன்னிரண்டாம் மாதம் அதைவிட இரண்டு பங்கு கூச்சப்படுகிறார்.

இனி அவர் கொண்டுவந்த நான்கு பக்கத்தைப் பார்ப்போம்.

முதல் பக்கம் முழுக்க "தங்கள் முகத்தில் விழிக்கவே தகுதியற்றவன்" என்ற பாணி. இரண்டாம் பக்கத்தில் காரணங்கள்: அம்மாவுக்கு முழங்கால் அறுவை, கடைக் கூரை ரிப்பேர், மகள் கல்யாணம். மூன்றாம் பக்கத்தின் பாதியில்தான் லாரி வருகிறது, அதுவும் "தாங்கள் செய்த பேருதவி" என்ற மூன்றே சொல்லில். நான்காம் பக்கத்தில் மறுபடி மன்னிப்பு. கடைசியில் பின்குறிப்பாக, "புது உளுந்து என்ன விலை போகிறது என்று தெரிவிக்கவும்."

படித்து முடித்ததும் நாம் அவரிடம் கேட்ட கேள்வி ஒன்றுதான். "இந்தக் கடிதம் யாரைப் பற்றியது?" கொஞ்சம் யோசித்து, "என்னைப் பற்றித்தான் இருக்கிறது" என்றார்.

அதுதான் நீண்ட மன்னிப்பில் உள்ள கோளாறு. நன்றி சொல்லப் புறப்பட்ட கடிதம், வாங்குபவர் கையில் ஒரு வேலையைக் கொடுத்துவிடுகிறது. "தகுதியற்றவன்" என்று ஒருவர் எழுதினால், படிப்பவர் "அப்படியெல்லாம் சொல்லாதீர்கள்" என்று பதில் சொல்லியே ஆக வேண்டும். உதவியும் செய்துவிட்டு, உதவி பெற்றவரைத் தேற்றும் பொறுப்பையும் அவரே சுமக்க வேண்டும் என்பது என்ன நியாயம்?

காரணங்களின் கதை இன்னும் மோசம். ஒரு காரணத்தைக் காகிதத்தில் எழுதியவுடன் அதை எடை போட்டுப் பார்க்கத் தோன்றும். வியாபாரிக்கு அது கைப்பழக்கம். மகள் கல்யாணத்தால் எழுத முடியவில்லை என்கிறார் நண்பர். அந்தக் கல்யாணப் பத்திரிகை அதே விருதுநகர் முகவரிக்குத் தபாலில் போயிருக்கிறது! பத்திரிகைக்கு விலாசம் எழுதிய கைக்கு, அதனடியில் இரண்டு வரி எழுத நேரமில்லையா என்று அவர் நினைக்காவிட்டாலும் வீட்டில் யாராவது நினைப்பார்கள். தாமதத்துக்கு நல்ல காரணம் என்று ஒன்று அநேகமாக இருப்பதில்லை. உள்ளதைச் சொன்னால், தள்ளிப் போட்டோம், தள்ளிப் போட்டதால் மேலும் தள்ளிப் போட்டோம், அவ்வளவே. அதை எல்லோரும் அறிவார்கள், ஏனென்றால் எல்லோரும் செய்திருக்கிறார்கள்.

ஆகையால் தாமதத்தை ஒரே வாக்கியத்தில், காலத்தைச் சொல்லி, தலை நிமிர்ந்து சொல்லிவிட வேண்டும். "ஒன்றரை ஆண்டு கழித்து எழுதுகிறேன்" என்றால் போதும். எத்தனை மாதம் என்று நாமே சொல்லிவிடுவதில் ஒரு நேர்மை இருக்கிறது. எதிராளி எண்ணிப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லாமல் போகிறது. "சற்றுத் தாமதமாகிவிட்டது" என்று பூசி மெழுகினால் அவர் கட்டாயம் எண்ணிப் பார்ப்பார். தாமதத்தைச் சொல்லாமலேயே விட்டு, நேற்று லாரி வந்ததுபோல எழுதுகிறவர்களும் உண்டு. அது அதைவிட மோசம். படிப்பவருக்கு, இவருக்கு நாள் கணக்கே மறந்துவிட்டதா, அல்லது இப்போது ஏதாவது காரியம் ஆக வேண்டியிருக்கிறதா என்ற ஐயம் வரும்.

அந்த ஒரு வாக்கியம் எங்கே வர வேண்டும் என்பதையும் நண்பரோடு உட்கார்ந்து பார்த்தோம். கடைசியில் வைத்தால், கடிதம் முழுவதும் படிப்பவர் மனதில் "ஏன் இப்போது?" என்ற கேள்வி தொங்கிக்கொண்டிருக்கிறது. எனவே முதல் வாக்கியத்திலேயே, உதவியின் பெயரோடு சேர்த்தே, தாமதத்தையும் வைத்துவிட்டோம். இரண்டாம் வாக்கியத்திலிருந்து அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

அப்படியானால் மிச்சப் பக்கத்தில் என்ன எழுதுவது? பிந்திய கடிதத்துக்கென்று ஒரு சௌகரியம் இருக்கிறது, உடனே எழுதிய கடிதத்துக்கு அது கிடையாது. 2023 டிசம்பர் கடைசியில் நண்பர் எழுதியிருந்தால் என்ன எழுதியிருப்பார்? "சரக்கு வந்து சேர்ந்தது, மிக்க நன்றி." அதற்கு மேல் அன்று ஒன்றும் நடந்திருக்கவில்லை. ஒன்றரை வருடம் கழித்து எழுதுகிறவருக்கு, அந்தப் பதினைந்து மூட்டை என்ன ஆயிற்று என்பது தெரியும். அனுப்பியவருக்கு அது தெரியாது. பணம் நான்கு தவணையில் வந்தது அவர் பேரேட்டில் இருக்கும். பருப்பு என்ன செய்தது என்பது எந்தப் பேரேட்டிலும் இல்லை. அதைத்தான் எழுத வேண்டும்.

"சரி, அந்தச் சரக்கு வந்த பிறகு என்னதான் நடந்தது, சொல்லுங்கள்" என்று கேட்டோம். காகிதத்தில் மூன்று சொல்லுக்கு மேல் எழுதாதவர், அரை மணி நேரம் பேசினார். கடையில் வேலை பார்த்த பையன் வேறு வேலை தேடித் திருப்பூர் போவதாக இருந்தான். லாரி வந்த அன்று மூட்டை இறக்கியவன் பிறகு போகவில்லை. கடை திறந்த முதல் நாள் அதிகம் விற்றது துவரம் பருப்பு, பெரும்பாலும் கால் கிலோ, அரைக் கிலோவாக. தெருவில் பலர் வீட்டில் பருப்பு டப்பாவே மிதந்து போயிருந்தது. இவரும் சில பேருக்குக் கடன் எழுதிக் கொடுத்தார். "அண்ணாச்சி என்கிட்டக் கணக்குப் பாக்கலை, நான் எப்படி அவங்ககிட்டப் பாக்க?" என்றார். அந்தக் கடனில் ஐந்தாறு வீட்டைத் தவிர எல்லாம் வசூலாகிவிட்டதாம்.

இதில் ஒன்றுகூட நான்கு பக்கத்தில் இல்லை. நாம் சொல்லச் சொல்ல அவரே புதிதாக எழுதினார். சொற்கள் அவருடையவை, ஒன்றிரண்டு இடத்தில் நீளத்தை மட்டும் வெட்டினோம். அந்தக் கடிதம் இது:

ஏரல்,
2.6.2025

மதிப்புக்குரிய அண்ணாச்சி அவர்களுக்கு வணக்கம்.

வெள்ளத்துக்குப் பிறகு தாங்கள் அனுப்பி வைத்த பதினைந்து மூட்டைச் சரக்குக்கு நன்றி சொல்லும் கடிதத்தை ஒன்றரை வருடம் கழித்து எழுதுகிறேன். அந்தச் சரக்கு என்ன செய்தது என்று தங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

லாரி வந்த அன்று கடையில் விற்பதற்கு எண்ணெய் டின் தவிர வேறொன்றும் இல்லை. ஜனவரி 3ஆம் தேதி கடையைத் திறந்தேன். முதல் நாள் வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் கேட்டது துவரம் பருப்புதான். இல்லை என்று சொல்லாமல் கொடுக்க முடிந்தது. கையில் காசில்லாதவர்களுக்குக் கடனாகவும் கொடுத்தேன். தாங்கள் கணக்கை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொன்னதால் எனக்கும் அப்படிச் சொல்லத் தைரியம் வந்தது.

என்னிடம் வேலை பார்க்கும் பையன் அந்த வாரம் திருப்பூர் போவதாக இருந்தான். மூட்டையை இறக்கியவன் இன்றுவரை இங்கேதான் இருக்கிறான்.

சரக்கைக் கொண்டுவந்த டிரைவர், ரோடு உடைந்திருந்ததால் சுற்றி வந்ததாகச் சொன்னார். அன்று அவருக்கு ஒரு வாய்ச் சாப்பாடு கொடுக்கக்கூட எங்கள் வீட்டில் வசதியில்லை. அவரைப் பார்த்தால் நான் கேட்டதாகச் சொல்லவும்.

தாங்கள் கேட்காமல் அனுப்பியதை நான் மறக்கவில்லை. வீட்டில் எல்லோரும் அம்மாவும் தங்களுக்கும் வீட்டில் உள்ளவர்களுக்கும் வணக்கம் சொல்லச் சொன்னார்கள்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
(கையெழுத்து)

இதில் "மன்னிக்கவும்" என்ற சொல் இல்லை என்பதைக் கவனிக்கலாம். நண்பர் அதை எப்படியாவது ஓர் இடத்தில் போட்டுவிட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். போட்டால் தவறொன்றும் இல்லை. ஒரு தடவை, ஒரு சொல்லாக இருக்கலாம். ஆனால் எழுதி முடித்துப் படித்தபோது, அதை வைக்க இடம் இருப்பதாக அவருக்கே தோன்றவில்லை. "நன்றி" என்ற சொல்லும் ஒரு தடவைதான் வருகிறது. நம் பக்கத்தில் நெருங்கிப் பழகியவர்களிடம் அடிக்கடி நன்றி சொல்வது அவர்களை அந்நியராக்குவதுபோல ஆகிவிடும். "நமக்குள்ள என்ன நன்றி" என்று சிலர் கோபித்துக்கொள்வதும் உண்டு. பருப்பு எங்கே போயிற்று என்று சொல்வதில் அந்தச் சங்கடம் இல்லை.

இரண்டு இடத்தில் நாம் கறாராக இருந்தோம். முதலாவது, உளுந்து விலை கேட்ட பின்குறிப்பு. அதை எடுத்தே தீர வேண்டும் என்றோம். வியாபாரிகள் எந்தக் கடிதத்தையும் கடைசி வரியிலிருந்துதான் படிக்கிறார்கள். விஷயம் அங்கேதான் இருக்கும் என்பது அனுபவம். ஒன்றரை வருட மௌனத்துக்குப் பிறகு வரும் நன்றியின் அடியில் விலை விசாரணை இருந்தால், மேலே உள்ளதெல்லாம் அதற்கான முன்னுரை ஆகிவிடும். விலையை மறுநாள் போனில் கேட்டால் ஆயிற்று. சலுகை, தவணை, சிபாரிசு எதுவானாலும் இதே கதைதான்; கடிதம் போன பிறகு சில வாரமாவது விட்டுத் தனியாகக் கேட்க வேண்டும்.

இரண்டாவது, கடிதத்தோடு ஒரு வெள்ளிக் குத்துவிளக்கை அனுப்பலாமா என்று நண்பர் கேட்டது. பிந்திவிட்டதால் கனமாக ஏதாவது செய்ய வேண்டும் என்ற உறுத்தல் அது. வேண்டாம் என்றோம். தாமதத்தின் அளவுக்கு ஏற்பப் பரிசின் விலையும் ஏறினால், அது நாள் தப்பிய பில்லுக்கு வட்டி கட்டுவதுபோல இருக்கும். வட்டி கேட்காத மனிதருக்கு வட்டி கட்டுவது அவர் செய்ததைச் சிறுமைப்படுத்துவதாகும். அடுத்த தடவை விருதுநகர் போகும்போது வீட்டுக்குக் கொஞ்சம் கருப்பட்டி கொண்டுபோங்கள், எப்போதும்போல, என்று சொன்னோம்.

எப்படி அனுப்புவது என்பதும் ஒரு கேள்வியாக எழுந்தது. வாட்ஸ்அப்பில் கை கூப்பும் படம் ஒன்றைத் தட்டிவிடலாம். அன்றைக்கே அனுப்பியிருந்தால் அது போதும். ஒன்றரை வருடம் கழித்து வந்தால், வேறு யாருக்கோ அனுப்பியது தவறி வந்துவிட்டது என்று நினைத்துவிடுவார். நேரில் போய்ச் சொல்வது நல்லதே, ஆனால் மொத்தக் கடையில் பகல் வேளையில் நாலு பேர் நடுவில் இதையெல்லாம் பேச முடியாது. ஆகவே கையால் எழுதிச் சாதாரணத் தபாலில் போடுவதென்று முடிவாயிற்று. போய்ச் சேருமோ என்று பயந்து, ஒப்புகை அட்டை இணைத்துப் பதிவுத் தபாலில் அனுப்பலாமே என்றார் நண்பர். பழக்கமான கொள்முதல்காரரிடமிருந்து கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுக்கும் உறை வந்தால், வக்கீல் நோட்டீஸ் என்று எண்ணி அந்தக் கடையில் மதியச் சாப்பாடு யாருக்கும் இறங்காது. ஐந்து ரூபாய்த் தபால் உறையே போதும். தீபாவளி வாழ்த்தோடோ புதுக்கணக்கு அழைப்போடோ சேர்த்து அனுப்பவும் வேண்டாம். அந்த நாட்களில் வரும் நூறு அட்டைகளோடு இதுவும் நூற்றொன்றாகப் போய்விடும்.

இவ்வளவும் கணக்குத் தீர்ந்துவிட்டவர்களுக்குச் சொன்னது. பாக்கி நிற்கும்போது விஷயம் வேறு. கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல் நன்றி மட்டும் எழுதினால், இன்னும் அவகாசம் கேட்கப் போகிறார் என்றுதான் படிப்பவர் புரிந்துகொள்வார். முடிந்தால் முதலில் பணத்தை அனுப்பிவிட்டுப் பிறகு எழுத வேண்டும். முடியாவிட்டால், எந்தத் தேதியில் எவ்வளவு கட்டுவோம் என்பதைத் தனிக் கடிதமாக எழுதிவிட்டு, நன்றியை இன்னொரு தாளில் எழுத வேண்டும்.

இதில் சட்ட சம்பந்தமான ஒரு சங்கதியும் உண்டு. கடனுக்குக் கொடுத்த சரக்கின் விலையை வழக்குப் போட்டு வசூலிக்கப் பொதுவாக மூன்று ஆண்டுதான் கெடு. ஆனால் 1963ஆம் ஆண்டுக் காலவரம்புச் சட்டத்தின் 18ஆவது பிரிவுப்படி, அந்தக் கெடு முடிவதற்குள் கடன்பட்டவர் பாக்கியை ஒப்புக்கொண்டு எழுத்தில் கையெழுத்திட்டால், அந்தத் தேதியிலிருந்து மூன்று ஆண்டு புதிதாகத் தொடங்கும். "தங்களுக்குத் தர வேண்டிய பாக்கி நினைவில் இருக்கிறது" என்று நன்றிக் கடிதத்தின் நடுவே எழுதிக் கையெழுத்துப் போட்டால், அதுவும் இந்த ஒப்புதலாக எடுத்துக்கொள்ளப்படலாம். நாணயமாகக் கொடுக்கப் போகிறவருக்கு இதில் பயமில்லை. ஆனால் தொகையில் தகராறு இருக்கிறவர்கள், திருப்பி அனுப்பிய சரக்கு இன்னும் கழிக்கப்படாமல் இருக்கிறவர்கள், உணர்ச்சி வேகத்தில் இப்படி ஒரு வரியை எழுதிவிட்டுப் பிறகு விழிப்பதை நாம் பார்த்திருக்கிறோம். கணக்கைக் கணக்குத் தாளில் வையுங்கள்.

மன்னிப்பு உண்மையிலேயே கேட்டாக வேண்டிய இடமும் இருக்கிறது. நம் மௌனத்தால் உதவியவருக்கு ஏதாவது நஷ்டம் வந்திருந்தால் அது வெறும் தாமதம் அல்ல. உதாரணமாக, சரக்கு வந்து சேர்ந்ததா என்று நாம் சொல்லாததால் அவர் லாரி செட்டில் போய்ச் சண்டை போட்டிருக்கலாம். நமக்காக இன்னொரு கடையில் ஜாமீன் நின்றவர், நாம் பணம் கட்டிய செய்தி தெரியாமல் பல நாள் கவலையோடு இருந்திருக்கலாம். அப்படி நடந்திருந்தால் நேரில் போய், நடந்த தவறு இது என்று குறிப்பிட்டு மன்னிப்புக் கேட்க வேண்டும். நன்றியையும் அதையும் ஒரே மூச்சில் கலந்தால் இரண்டும் நீர்த்துப் போகும். நம் ஏரல் நண்பர் விஷயத்தில் அப்படி ஒரு நஷ்டமும் இல்லை என்பதை முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொண்டோம்.

இந்தக் கதையைக் கேட்ட வேறொரு உறுப்பினர், சிறிய பெட்டிக் கடையில் தொடங்கி இன்று மூன்று கதவுக் கடை வைத்திருப்பவர், வருத்தத்தோடு ஒன்று கேட்டார். அவருக்கு முதன்முதலில் கடனுக்குச் சரக்குக் கொடுத்த பெரியவர் காலமாகிவிட்டார். இவர் கடைசிவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. இனி யாருக்கு எழுதுவது?

மகனுக்கு எழுதுங்கள் என்றோம். இங்கேதான் வருத்தத்தை நீட்டும் ஆசை மிக அதிகமாக வரும். "அவர் இருக்கும்போதே சொல்லாமல் போனேனே" என்று எழுதினால், தகப்பனை இழந்த பிள்ளை நம்மைத் தேற்ற வேண்டியிருக்கும். அதை விட்டுவிட்டு, அந்த வீட்டாருக்குத் தெரிந்திராத ஒன்றை அவர்களுக்குக் கொடுக்க வேண்டும். அவர் எழுதியது ஐந்து வரி:

"தம்பிக்கு, உங்கள் அப்பாவிடம் நான் சொல்லாமல் விட்டதை உங்களிடம் சொல்கிறேன். நான் கடை வைத்த முதல் வருடம், மற்ற இடத்தில் ரொக்கம் கேட்டபோது, அவர் என் பெயரில் பேரேட்டில் ஒரு பக்கம் திறந்து இரண்டு பெட்டி சோப்பும் ஒரு டின் எண்ணெயும் கொடுத்தார்கள். ஜாமீன் யார் என்று கணக்குப்பிள்ளை கேட்டதற்கு, 'நான்தான்' என்று சொன்னார்கள். இப்போது என் கடையில் புதிதாக வருகிறவர்களுக்கு நானும் ஒரு பக்கம் திறக்கிறேன். பழைய பேரேடு இருந்தால் அந்தப் பக்கத்தைப் பாருங்கள், என் கையெழுத்து இருக்கும்."

மகன் பரணில் ஏறித் தேடியிருக்கிறார். கரையான் அரித்தது போக மிச்சமிருந்த கட்டில் அந்தப் பேரேடு அகப்பட்டதாம். அந்தப் பக்கத்தைப் படம் பிடித்துச் செல்போனில் அனுப்பியிருந்தார்.

ஏரல் நண்பரின் கடிதத்துக்கு விருதுநகரிலிருந்து தனியாகப் பதில் கடிதம் வரவில்லை. ஜூன் மாத நடுவில் வந்த பருப்பு லோடின் பில்லில், கம்ப்யூட்டர் அச்சுக்குக் கீழே, பேனாவால் எழுதியிருந்தது: "கடுதாசி வந்தது. டிரைவர்ட்டச் சொல்லியாச்சு."